இயர்பட்ஸ் யாரோடு இணைகிறது?

ப்ளூடூத் இயர்பட்ஸின் பெட்டியைத் திறந்ததும் அவை முதலில் தேடுவது அருகில் இருக்கும் போனை அல்ல, கடைசியாக எதனோடு இணைந்திருந்தனவோ அதைத்தான். அது கிடைக்காவிட்டால், நினைவில் உள்ள மற்ற கருவிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். யார் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. தவறான கருவியோடு இணைகிறது என்று சொல்லப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

பேரிங் வேறு, இணைப்பு வேறு. பேரிங் என்பது ஒரு கருவியோடு ஒரே ஒரு முறை நடப்பது. அப்போது போனும் இயர்பட்ஸும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. அதன்பின் தினமும் பெட்டியைத் திறக்கும்போது நடப்பதெல்லாம் இணைப்பு மட்டுமே. இரண்டு பக்கமும் ஒரே சாவியைக் காட்டினால் இணைப்பு அமையும். சாவி இரு இடங்களில் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், ரீசெட் செய்தும் பலருக்கு ஏன் பலன் கிடைப்பதில்லை என்பது புரிந்துவிடும்.

ஒரு வீட்டில் நடப்பதைப் பார்க்கலாம். இரவு லேப்டாப்பில் இயர்பட்ஸ் போட்டுப் படம் பார்த்தாயிற்று. லேப்டாப் மூடப்படாமல் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் போனில் பாட்டு கேட்கப் பெட்டியைத் திறந்தால், இணைந்துவிட்டதாகக் காதில் ஒலி கேட்கிறது. ஆனால் பாட்டு போனின் ஸ்பீக்கரில் அலறுகிறது. போனின் ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸின் பெயர் இருக்கிறது, அதன் கீழே இணைந்திருப்பதாக எதுவும் இல்லை. இயர்பட்ஸ் சுவருக்கு அப்பாலிருக்கும் லேப்டாப்போடு போய் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். உடனடி வழி, லேப்டாப்பில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, போனின் பட்டியலில் அந்தப் பெயரைத் தொடுவது. லேப்டாப்பில் அவை இனித் தேவையே இல்லை என்றால், அங்கிருந்து பதிவையே நீக்கிவிடுவது நல்லது.

ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் மல்டிபாயிண்ட் வசதி உள்ள இயர்பட்ஸில் தொல்லை வேறு வடிவில் வரும். போனில் பாட்டு ஓடும்போது லேப்டாப்பின் உலாவியில் ஒரு விளம்பர வீடியோ தானாக ஓடத் தொடங்கினால், ஒலி அந்தப் பக்கம் தாவிவிடக்கூடும். பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்று தோன்றும், ஆனால் இணைப்பில் கோளாறு எதுவும் இருக்காது. தயாரிப்பு நிறுவனத்தின் செயலியில் மல்டிபாயிண்டை அணைத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

இவை எதற்கும் மசியாதபோதுதான் பேரிங்கை முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம். போனில் மட்டும் பெயரை நீக்கினால், இயர்பட்ஸிடம் பழைய சாவி அப்படியே இருக்கும். இயர்பட்ஸை மட்டும் ரீசெட் செய்தால், போன் பழைய சாவியை நீட்டி ஏமாந்து நிற்கும். பட்டியலில் பெயர் தெரிந்தும், தொட்டால் இணையாமல் போவது இதன் அடையாளம்.

ஆகவே முதலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் இயர்பட்ஸை நீக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய், பெயருக்கு அருகிலுள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் Forget அல்லது Unpair என்று வரும். ஐபோனில் பெயருக்கு அருகிலுள்ள i குறியைத் தொட்டால் Forget This Device. விண்டோஸ் லேப்டாப்பில் Remove device. வீட்டில் டிவி, டேப்லெட், மற்றவர்களின் போன் என்று எதில் எப்போது இணைத்திருந்தாலும் அதையும் விட்டுவிடக் கூடாது. நீக்கி முடித்ததும் அவை அனைத்திலும் ப்ளூடூத்தை அணைத்து வைப்பது வேலையைச் சுலபமாக்கும்.

அடுத்து இயர்பட்ஸ். இரண்டையும் பெட்டிக்குள் வைத்து, இரண்டும் சார்ஜ் ஏறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரீசெட் செய்யும் முறை மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியின் பின்புறம் பட்டன் உள்ள ஏர்பாட்ஸில், மூடியைத் திறந்து வைத்து அந்தப் பட்டனைச் சுமார் 15 வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு முதலில் ஆம்பர் நிறத்திலும் பிறகு வெள்ளையிலும் மின்னினால் பழையதெல்லாம் அழிந்துவிட்டது என்று பொருள். சாம்சங் கேலக்ஸி பட்ஸில் நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே Reset இருக்கிறது. என்பதால் பட்ஸை போனிலிருந்து நீக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் பெட்டியின் பட்டனையோ, இரு பட்ஸின் தொடு பகுதிகளையோ நெடுநேரம் அழுத்த வேண்டியிருக்கும். எத்தனை வினாடி என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுவதே சரி. குறைவாக அழுத்தினால் பேரிங் மட்டும் தொடங்கும், பழைய நினைவு அழியாது.

ரீசெட் முடிந்தபின், அதிகம் பயன்படுத்தும் போனோடு மட்டும் முதலில் இணைக்க வேண்டும். அதில் பாட்டும் அழைப்பும் சரியாக வருவதைப் பார்த்த பிறகே லேப்டாப்பைச் சேர்க்கலாம். ஒரு காதில் மட்டும் ஒலி வரும் சிக்கலும் இந்த ரீசெட்டில் பல நேரம் தீர்ந்துவிடும். இடதும் வலதும் தங்களுக்குள் வைத்திருக்கும் இணைப்பும் அப்போது புதிதாக அமைவதே காரணம்.

விட்டுவிட்டுக் கேட்பதற்கு எப்போதும் பேரிங்தான் காரணம் என்றில்லை. முதலில் போனில் ஏற்கெனவே இறக்கி வைத்த ஒரு பாட்டை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது தடையின்றி ஓடினால், குறை இணையத்தில்தான், இயர்பட்ஸில் இல்லை. அதுவும் விட்டுவிட்டு வந்தால், போனை முன்னால் மேசைமீது வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்து கேட்கலாம். இப்போது சரியாகிவிட்டால், குறுக்கே நின்றது உடம்பு. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உடலிலுள்ள நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பின் பாக்கெட்டிலோ தோள் பையின் அடியிலோ போனை வைத்து நடக்கும்போது ஒலி அறுபடுவது இதனால்தான். சுற்றிலும் சுவர்கள் இருந்தால் அலைகள் மோதித் திரும்பிக் காதை எட்டிவிடும். வெட்டவெளியில் அந்த உதவி இல்லாததால், மொட்டைமாடியிலும் மைதானத்திலும் அறுபடுவது கூடுதலாகத் தெரியும்.

ஒரே அறையில் மட்டும் அறுபட்டால் அங்குள்ள வைஃபை ரூட்டரையும் மைக்ரோவேவ் அடுப்பையும் சந்தேகிக்கலாம். இரண்டும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குபவை. ப்ளூடூத் அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, வினாடிக்கு 1,600 முறை தடம் மாறி நெரிசலைத் தவிர்க்கப் பார்க்கும். பெரும்பாலான தடங்கள் நிரம்பிவிட்டால் அதனாலும் முடியாது. போனின் வைஃபையை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினால் பலருக்கு இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். LDAC போன்ற உயர்தர ஒலி முறையை இயக்கியிருந்தால், நெரிசலான இடத்தில் அதை அணைத்துவிடலாம். அதிகபட்சத் தரத்தில் அது வினாடிக்கு 990 கிலோபிட் அனுப்பப் பார்க்கும், அதற்குச் சீரான இணைப்பு வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப அணைந்தால், வேறொரு போனில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அதே பக்கம்தான் போகிறது என்றால் அந்த இயர்பட்டின் பேட்டரி தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் சார்ஜிங் முனையில் வியர்வையும் காது அழுக்கும் படிந்து, பெட்டியில் வைத்தும் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். அத்தகைய இயர்பட், பெட்டிக்குள் இருப்பதையே உணராமல் உள்ளிருந்தபடியே போனோடு இணைந்து, மூடியை மூடிய பிறகும் அழைப்புகளை இழுத்துக்கொள்வதுண்டு. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் இயர்பட்டின் முனைகளையும் பெட்டிக்குள்ளிருக்கும் சிறு ஊசிகளையும் துடைத்தாலே இது பல நேரம் சரியாகிவிடும். பேட்டரிதான் போய்விட்டது என்றால், சில நிறுவனங்கள் ஒற்றை இயர்பட்டை மட்டும் தனியாக விற்கின்றன. புதியதை வாங்கி வந்ததும் பழையதோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து, இரண்டையும் ஒன்றாக ரீசெட் செய்ய வேண்டும். அப்போதுதான் அவை ஜோடியாக வேலை செய்யும்.