பனிக்காட்சியில் ஓஎல்இடி டிவி மங்குவது ஏன்?

ஓஎல்இடி தொலைக்காட்சியில் இருண்ட அறையிலிருந்து பனிமலைக்குக் காட்சி மாறியதும் திரை மங்கினால், அது பழுதல்ல. இவ்வகைத் திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. திரை முழுவதும் வெண்மையானால் மின்தேவையும் வெப்பமும் பெருகும் என்பதால், தானியங்கி ஒளிர்வுக் கட்டுப்பாடு வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது.

உதாரணமாக, திரையின் 10 சதவீதப் பரப்பில் 800 நிட்ஸ் வரை ஒளிரும் டிவி, முழுத்திரை வெண்மையில் சுமார் 150 நிட்ஸ் மட்டுமே தரக்கூடும்.

கணினியை இணைத்து, சிறிய வெண்ணிறச் சாளரத்தை முழுத்திரைக்கு விரிக்கும்போது உடனே ஒளி குறைந்தால், காரணம் இதுவே. அசையாத காட்சியில் மெல்ல மங்குவது வேறொரு பாதுகாப்பு அம்சம்.

சாதாரண எஸ்டிஆர் நிகழ்ச்சிகளில் இதைத் தவிர்க்க வழியுண்டு. எல்ஜி டிவிகளில் Peak Brightness அமைப்பை அணைத்து, OLED Pixel Brightness அளவைக் குறைக்கலாம். உச்ச ஒளிர்வு 150 நிட்ஸை ஒட்டி அமைந்தால், சிறிய வெண்பரப்பும் முழுத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளிரும். திரை சற்று மங்கலாக இருந்தாலும், காட்சிக்குக் காட்சி ஏற்ற இறக்கம் இராது.

எச்டிஆர் படங்களில் அவ்வாறு குறைத்தால், விளக்கு, சூரியன் போன்றவற்றின் பளிச்சிடும் ஒளி மங்கிவிடும். எனவே அங்கு இந்த மங்கலை ஏற்பதே நல்லது.