விளம்பரக் கணக்கு – 7: மூன்று வாசல்களும் ஒரு சராசரியும்

உடன்குடிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கருப்பட்டி வியாபாரம் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, கையில் ஒற்றைத் தாளுடன் முகம் வாடி என் வீட்டுக்கு வந்து, காப்பியைக்கூடத் தொடாமல், "அண்ணாச்சி, புதுப் படம் போட்டதும் காரியம் கெட்டுப்போச்சு, பழசையே திரும்பப் போடச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டார். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர் நடத்திவந்த விளம்பரத்தின் இரண்டு வாரக் கணக்கு அந்தத் தாளில் இரண்டே வரிகளில் அடங்கியிருந்தது. பழைய படம் ஓடிய முதல் வாரத்தில், விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டதற்கு 8 பேர் கடையின் பக்கத்துக்குப் போகும் சுட்டியைத் தொட்டிருந்தார்கள். ஓலைக் கொட்டானிலிருந்து எடுத்து உடைத்த கருப்பட்டியின் கரும்பழுப்பு முகத்தை அருகில் காட்டும் புதிய படம் ஓடிய இரண்டாம் வாரத்தில், அந்த 8 என்பது 5 ஆகச் சரிந்திருந்தது.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெற்றாக இருந்தது. எனக்கு வேண்டிய விவரம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

ஒரே விளம்பரம் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று வாசல்களில் நிற்கிறது. ஃபீட் என்பது, வாசகர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போகும்போது, கல்யாணப் படத்துக்கும் ஊர்ச் செய்திக்கும் நடுவே ஒரு படமாக வந்து நிற்பது; அவர் நின்று வாசிக்கலாம், நிற்காமலும் போகலாம். 2016-இல் இன்ஸ்டாகிராமில் தோன்றிய ஸ்டோரீஸ், திரை முழுவதையும் சில விநாடிகள் அடைத்துக்கொண்டு, விரல் பட்டதும் அடுத்ததற்கு இடம் கொடுத்து விலகுவது. டிக்டாக் தடை செய்யப்பட்ட 2020-ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்த ரீல்ஸோ, வேடிக்கை பார்க்கும் மனோபாவத்தில் இருப்பவர் முன்னால், ஒரு குறும்படத்துக்கும் மறு குறும்படத்துக்கும் இடையில் எதிர்பாராமல் வருவது. 'ஒரு முறை காட்டப்பட்டது' என்று மூன்றிலும் ஒரே பெயரால் எண்ணப்பட்டாலும், அந்த ஒரு முறை மூன்றிலும் ஒரே பொருளுடையதன்று. கடைக்குள் வந்து சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தவரையும், பஸ் ஜன்னல் வழியே கடைப் பலகையைக் கண்டவரையும் ஒரே பேரேட்டில் ஒரே கலத்தில் எழுதுகிற கணக்கப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

மறுநாள் நண்பரின் கணக்கைத் திரையில் திறந்து, Breakdown என்ற பட்டியலில் Placement என்பதைத் தேர்ந்தெடுத்தோம். எண்களை இங்கே முழு எண்களாக்கிச் சொல்கிறேன். முதல் வாரத்தில் ஃபீடில் ஒரு லட்சம் முறையும், ஸ்டோரீஸிலும் ரீல்ஸிலும் ஐம்பதாயிரம் முறை வீதமும் விளம்பரம் காட்டப்பட்டிருந்தது. ஆயிரத்துக்கு முறையே 12, 6, 2 என்று கிளிக்குகள் கிடைத்திருந்தன. இரண்டாம் வாரத்தில் அவை 14, 7, இரண்டரை என்று ஆகியிருந்தன. ஆம், ஒவ்வொரு வாசலிலும் புதிய படமே ஜயித்திருந்தது! மூன்று வாசலிலும் ஜயித்த படம் மொத்தத்தில் தோற்றதெப்படி என்றால், இரண்டாம் வாரத்தில் ஃபீட் ஐம்பதாயிரமாகப் பாதியாய்க் குறைந்து, ஸ்டோரீஸ் அப்படியே நிற்க, ரீல்ஸ் மட்டும் இரண்டு லட்சமாகப் பெருகியிருந்ததால்தான். எங்கே எவ்வளவு காட்டுவது என்பதை Advantage+ placements என்ற ஏற்பாட்டின் மூலம் நண்பர் மெட்டா நிறுவனத்தின் இயந்திரத்திடமே ஒப்படைத்திருந்தார். அந்த வாரம் ரீல்ஸில் இடம் மலிவாகக் கிடைத்ததால், அது பணத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. ஆகவே 8 என்பது 5 ஆனது படத்தைப் பற்றிய தீர்ப்பன்று. பணம் எந்த வாசலுக்குப் போயிற்று என்பதைப் பற்றிய சமாசாரம் மாத்திரமே.

இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டாம் வார விகிதங்களை எடுத்துக்கொண்டு, முதல் வாரப் பங்கீட்டை, அதாவது ஃபீடுக்குப் பாதி, மற்ற இரண்டுக்கும் கால் கால் என்பதை, அவற்றின்மேல் வைத்துக் கணக்கிட வேண்டும். 14-இல் பாதி 7. 7-இல் கால் ஒன்றே முக்கால். இரண்டரையில் கால் சற்றேறக்குறைய 0.6. கூட்டினால் 9.4 வருகிறது. பங்கீடு மாறாதிருந்தால், 8 என்பது 9.4 ஆக உயர்ந்திருக்கும். புள்ளியியலார் சிம்ப்சன் முரண் என்று அழைக்கும் இந்த விசித்திரம் ஏட்டில் படிக்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. நல்ல படம் ஒன்றைத் தூக்கி எறிய ஒருவர் தயாராகி நிற்கும்போது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

"அப்படியானால் ரீல்ஸை நிறுத்திரலாமே, ரெண்டரைதானே வருது?" என்றார் நண்பர். பலரும் அவசரப்பட்டு இடறுகிற இடம் இதுவே. அவருடைய கைப்பேசியிலேயே அந்த விளம்பரத்தின் ரீல்ஸ் வடிவத்தைத் திறந்து காட்டினேன். 1920 பிக்சல் உயரமுள்ள அந்த நெட்டைப் படத்தில், விலை எழுதிய பட்டையை அடியிலிருந்து சுமார் 500 பிக்சல் உயரத்தில் வைத்திருந்தார்கள். ஸ்டோரீஸில் அடிப்பாகம் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விட்டால் போதுமென்பதால் அங்கே விலை நன்றாகவே தெரிந்தது. ரீல்ஸிலோ அடியில் 35 சதவீதம், அதாவது 670 பிக்சலுக்குச் சற்று மேலாகவே விட வேண்டும் என்பதால், கணக்குப் பெயரும் வாசகமும் பொத்தானும் விலையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. விலை தெரியாத கருப்பட்டியை யார் தொடுவார்கள்? மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பழுது கண்ணில் பட்டே இராது; பிரித்த எண்ணைக் கண்டவுடன் ரீல்ஸைக் குற்றவாளியாக்கியிருந்தாலும் பட்டிராது.

இன்னொரு காரணத்தாலும் அவரைத் தடுத்தேன். பிரித்துப் பார்க்கையில் ஃபீடில் ஓர் ஆர்டர் 150 ரூபாய்க்கும் ரீல்ஸில் 190 ரூபாய்க்கும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். இவை சராசரிகள். ஃபீடில் எளிதாக வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் வாங்கி முடித்துவிட்ட நிலையில், அங்கே அடுத்த ஆர்டருக்கு 260 ரூபாய் ஆகக்கூடும். ரீல்ஸின் பணத்தை அங்கே கொட்டினால் நஷ்டமே மிஞ்சும். பிரித்த சராசரியைக் கண்டு ஏமாற வேண்டாமென்று மெட்டாவே தன் விளக்கக் குறிப்புகளில் எச்சரித்திருக்கிறது. தவிர, திங்களன்று ரீல்ஸில் கண்டவரே வெள்ளியன்று ஃபீடில் தொட்டு வாங்கியிருக்கலாம். பெருமை ஃபீடுக்குப் போய்விடும். அதே காரணத்தால், மூன்று வாசல்களிலும் 'சென்றடைந்தோர்' என்று காட்டும் தொகைகளைக் கூட்டினால், ஒரே ஆளை இரண்டு மூன்று முறை எண்ணியவர்களாவோம். ரீல்ஸ் உண்மையிலேயே வேண்டாமா என்று அறிய விரும்புகிறவர், ஜனங்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு ரீல்ஸோடும் மறு கூறுக்கு ரீல்ஸ் இல்லாமலும் விளம்பரம் செய்து, மொத்த ஆர்டர்களை ஒப்பிட வேண்டும். அதற்கு நாளும் பணமும் வேண்டும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் வருகிற சிறு வியாபாரிக்கு அந்தச் சோதனை ஸ்திரமான விடை எதையும் தராது.

நண்பர் புதிய படத்தையே வைத்துக்கொண்டார். ரீல்ஸுக்கென்று தனியாக, விலை பாதிக்கு மேலே தெரியும்படி ஒரு பிரதி தயாராயிற்று. இப்போது அவருக்கு வாராவாரம் வரும் தாளில் மூன்று வாசல்களுக்கும் மூன்று வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த வாரத்துப் பங்கீட்டுடன், இருக்கின்றன. மொத்தம் என்ற வரியில் செலவான ரூபாயும் வந்த ஆர்டரும் மட்டுமே எழுதப்படுகின்றன.

(தொடரும்)