மண்டபத்தில் பதிந்த பேச்சைத் தெளிவாக்குவது எப்படி?

கல்யாண மண்டபத்தில் நடக்கும் பட்டிமன்றத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தால், பேச்சாளரின் குரலோடு வேறு மூன்று ஒலிகளும் சேர்ந்துவிடும். ஒன்று மின்விசிறியின் இரைச்சல், இன்னொன்று கூட்டத்தின் சலசலப்பு, மூன்றாவது சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி. இந்த மூன்றையும் ஒரே வழியில் நீக்க முடியாது.

பதிவைக் கணினியில் ஏற்றியதும் பலர் முதலில் இடைவெளிகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அது தவறு. யாரும் பேசாத அந்த ஓரிரு விநாடிகளில்தான் விசிறி இரைச்சல் தனியாகக் கிடைக்கிறது. பதிவின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் Audacity மென்பொருளில் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். Noise Reduction பகுதியைத் திறந்து Get Noise Profile பொத்தானை அழுத்தினால், எதை நீக்க வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, 6 முதல் 12 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள்.

அளவு மீறுகிறதா என்று அறிய Residue என்ற தேர்வு இருக்கிறது. நீக்கப்படப்போகும் ஒலியை மட்டும் அது நமக்குக் கேட்க வைக்கும். அதில் இரைச்சல் மட்டும் கேட்டால் சரி. சொற்கள் புரியுமளவு குரலும் கேட்டால், பேச்சையே அரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். அளவைக் குறைக்க வேண்டும். கேட்டு முடித்ததும் மறக்காமல் Reduce தேர்வுக்குத் திரும்புங்கள்.

கூட்டத்தின் சலசலப்புக்கு இந்த வழி உதவாது. அது நொடிக்கு நொடி மாறும். அதுவும் மனிதக் குரல்தான் என்பதால் பேச்சிலிருந்து பிரிப்பது கடினம். பேச்சாளர் நிறுத்தும் இடங்களில் மட்டும் ஒலியளவைக் கொஞ்சம் தாழ்த்தலாம். அடியோடு மௌனமாக்கினால், அடுத்த வாக்கியம் தொடங்கும்போது சலசலப்பு திடீரென்று குதித்து வருவது காதை உறுத்தும். சிரிப்பையும் கைதட்டலையும் விட்டுவிடுங்கள். பட்டிமன்றத்துக்கு அவை வேண்டும்.

எதிரொலிதான் மிகக் கடினம். 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்ட குரல், போகவர 34 மீட்டர் கடந்து ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். இப்படிப் பல சுவர்களிலிருந்தும் வரும் நகல்கள் அடுத்த சொல்லின்மேல் படிந்துவிடும். அவை அதே குரலின் நகல்கள் என்பதால் முழுவதும் பிரித்தெடுக்க வழியில்லை. Adobe Audition-இல் உள்ள DeReverb போன்ற கருவிகள் அந்த நீட்சியைத் தணிக்கும். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ‘வந்தான்’, ‘மண்டபம்’ போன்ற சொற்களின் கடைசி மெய்யெழுத்து விழுங்கப்படத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

கம்ப்ரஸர் போடுவதும் இதற்குப் பிறகுதான். அது தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிவிடும் என்பதால், முன்பே போட்டால் எதிரொலியின் வாலும் சேர்ந்து உயரும். இவையெல்லாம் முடிந்தபின் வெட்டத் தொடங்குங்கள். அப்போதும், வாக்கியம் முடிந்த உடனே வெட்டாமல், மிச்சமிருக்கும் எதிரொலி அடங்கும் இடம்வரை விட்டு வெட்டினால் ஒட்டு தெரியாது.