இழப்பீட்டுக் கோட்பாடு: ஒரு பாடத்தைத் தேர்வுக்குச் சுருக்கும் விதம்

நட்டம் நேர்ந்தவரை, நட்டத்துக்குச் சற்று முன்பு அவர் இருந்த பண நிலைக்கே திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இழப்பீட்டுக் கோட்பாடு. அந்த நிலைக்குக் கீழே விட்டால் காப்பீடு எடுத்ததற்குப் பயன் இல்லை. அதற்கு மேலே தூக்கினால் தீ விபத்தே லாபகரமான தொழிலாகிவிடும். இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட் தேர்வுக்கோ ஏஜென்ட் தேர்வுக்கோ படிப்பவர் காப்பீட்டின் அடிப்படைகளைப் படிக்கும்போது இந்த அத்தியாயத்தைச் சந்திப்பார். பல பக்கங்கள் நீளும் இதை இரண்டு தாளுக்குள் அடக்கலாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

புத்தகத்தில் உள்ள வரையறைகளை வரிசையாகப் பெயர்த்து எழுதுவதைச் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதியதைப் படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், கணக்கு வந்ததும் கை நின்றுவிடும். நல்ல சுருக்கத்தில் மூன்று அடுக்கு இருக்க வேண்டும். முதலில் சொற்கள், அடுத்து அந்தச் சொற்களைப் பிணைக்கும் கோட்பாடு, கடைசியில் கோட்பாட்டை ஓட்டிப் பார்க்கும் சின்னச் சின்ன கிளெய்ம் கதைகள். இவற்றில் அதிக இடம் கதைகளுக்குத்தான் தர வேண்டும்.

சொற்களை அகரவரிசையில் எழுதினால் அவை தனித்தனியாகவே நிற்கும். ஒரு கிளெய்ம் நகரும் வரிசையில் எழுதினால் ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். காப்பீட்டுத் தொகை என்பது பாலிசியில் எழுதியிருக்கும் உச்ச வரம்பு. நிறுவனம் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை அல்ல. சரக்கின் மதிப்பு என்பது நட்டம் நேர்ந்த நாளில் அதன் அடக்க விலை. விற்பனை விலையில் லாபம் கலந்திருப்பதால் அது கணக்கில் வராது. சால்வேஜ் என்பது சேதமான பொருளில் இன்னும் விலைபோகக்கூடிய மிச்சம். எக்ஸஸ் என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் காப்பீடு எடுத்தவர் தானே ஏற்கும் பகுதி. குறைகாப்பீடு என்பது பொருளின் மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகை குறைந்திருப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே வாக்கியம் போதும். ஆனால் அதைப் பக்கத்துச் சொல்லோடு குழப்பிக்கொள்ள முடியாதபடி அந்த வாக்கியம் இருக்க வேண்டும். எழுதிய வாக்கியத்தில் சொல்லை மறைத்துவிட்டு, எந்தச் சொல் என்று கேட்டால் ஒரே விடைதான் வர வேண்டும். இரண்டு விடை பொருந்தினால் அந்த வரியைத் திரும்ப எழுதியாக வேண்டும்.

கோட்பாட்டுத் தாளில் நடுவில் இருப்பது இழப்பீடு. அதிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. குறைவாகக் காப்பீடு எடுத்தவர், எடுத்த விகிதத்துக்கே பெறுவார் என்பது சராசரி விதி. ஒரே நட்டத்துக்கு இரண்டு பாலிசி இருந்தால் நிறுவனங்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பது பங்களிப்பு. நட்டத்துக்குக் காரணமான வேறொருவர் மீது வழக்காடும் உரிமை, பணம் தந்த நிறுவனத்துக்குப் போகும் என்பது சப்ரோகேஷன். பங்களிப்பும் சப்ரோகேஷனும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. ஒரே நட்டத்துக்கு ஒருவர் இரண்டு முறை பணம் வாங்கக் கூடாது என்பதுதான் அந்தக் காரணம். இந்தக் காரணத்தைத் தாளில் எழுதி வைத்தவருக்கு, கேள்வி எப்படித் திரும்பினாலும் விடை கிடைக்கும். வெறும் வரையறையை எழுதி வைத்தவர் நினைவை நம்பித்தான் இருக்க வேண்டும்.

இனி ஒரு கதை. ஈரோட்டில் ஒரு துணிக்கடை. தீப்பிடித்த நாளில் கடையிலிருந்த மொத்தச் சரக்கின் அடக்க விலை 10 லட்சம் ரூபாய். பாலிசி 6 லட்சத்துக்குத்தான் இருக்கிறது. எரிந்ததும் நனைந்ததுமாகச் சேதமான துணியின் அடக்க விலை 2 லட்சம், விற்பனை விலை 2,60,000. நனைந்த துணியை மலிவு விலைக்கு விற்றதில் 20,000 ரூபாய் வந்தது. எக்ஸஸ் 5,000 ரூபாய். நிறுவனம் எவ்வளவு தரும்?

விற்பனை விலையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அடக்க விலை 2 லட்சத்திலிருந்து சால்வேஜ் 20,000 கழிந்தால் உண்மையான நட்டம் 1,80,000. இதில்தான் சராசரி விதி வேலை செய்கிறது. 10 லட்சம் மதிப்புள்ள சரக்குக்கு 6 லட்சம் மட்டும் காப்பீடு என்பதால், 1,80,000-ஐ 6/10-ஆல் பெருக்க வேண்டும். விடை 1,08,000. கடைசியில் எக்ஸஸ் 5,000 கழிந்து 1,03,000 ரூபாய் கடைக்காரர் கைக்கு வரும். மீதி நட்டம் அவருடையது. காப்பீடு செய்யாமல் விட்ட 4 லட்சத்துக்கு அவரே காப்பீட்டாளர் என்று பாடம் கருதுகிறது.

இந்தக் கணக்கில் மாணவர் கவனிக்க வேண்டியது வரிசை. எக்ஸஸை முதலிலேயே கழித்துவிட்டு விகிதம் போட்டால் 1,05,000 வரும். விகிதம் போட்ட பிறகு சால்வேஜைக் கழித்தால் 95,000 வரும். விகிதத்தையே மறந்தால் 1,75,000. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில், தவறான வரிசையில் வரும் எண்களும் விடைகளாக அச்சாகியிருக்கக்கூடும். தன் எண் விடைகளில் இருக்கிறது என்பதாலேயே அது சரி என்று நம்பிவிடக் கூடாது. அதனால் சுருக்கத்தாளில் சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. தவறான எண்ணையும் அது எந்தப் பிழையால் வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும்.

அதே கதையில் ஒரே ஒரு விவரத்தை மாற்றினால் அடுத்த கதை கிடைத்துவிடும். புதிதாகக் கதை தேட வேண்டியதில்லை. 6 லட்சத்துக்குப் பதில் பாலிசி 9 லட்சத்துக்கு இருக்கட்டும். பொதுப் பாட விதிப்படி 9/10 போட வேண்டும். ஆனால் இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் சிறு வணிகங்களுக்காக நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், குறைகாப்பீடு 15 சதவீதம் வரை இருந்தால் பொருட்படுத்துவதில்லை. இங்கே குறைவு 10 சதவீதம்தான் என்பதால் விகிதமே வராது. முந்தைய கதையில் குறைவு 40 சதவீதம், அதனால் இந்தச் சலுகை உதவவில்லை. வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் குறைகாப்பீட்டுக் கழிவே கிடையாது. கேள்வியில் பாலிசியின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம். பெயர் இல்லாவிட்டால் பொதுவிதியே விடை.

இன்னொரு மாற்றம். அதே சரக்குக்கு, அதே கடைக்காரர் பெயரில், ஒரு நிறுவனத்தில் 6 லட்சமும் இன்னொன்றில் 4 லட்சமும் பாலிசி. இரண்டும் தீ விபத்துக்கானவை, இரண்டும் நடப்பில் இருப்பவை. மொத்தம் 10 லட்சம் என்பதால் குறைகாப்பீடு இல்லை. எக்ஸஸை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1,80,000 ரூபாய் நட்டத்தில் முதல் நிறுவனம் 1,08,000, இரண்டாவது 72,000 ஏற்கும். முதல் கதையில் விகிதம் போட்டதும் வந்த அதே 1,08,000 இங்கேயும் வருவது தற்செயல் அல்ல. அங்கே கடைக்காரரே சுமந்த பங்கை இங்கே இரண்டாவது நிறுவனம் சுமக்கிறது. சராசரி விதிக்கும் பங்களிப்புக்கும் உள்ள உறவை எந்த வரையறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

பங்களிப்பு எப்போது வராது என்பதற்கும் ஒரு கதை வேண்டும். 1877-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், தானியக் கிடங்கை நடத்தியவரும் தானியத்தின் சொந்தக்காரரும் ஒரே தானியத்துக்குத் தனித்தனியே காப்பீடு எடுத்திருந்தார்கள். தானியம் எரிந்தது. பொருள் ஒன்று, விபத்தும் ஒன்று, ஆனால் காப்பீடு பெற்ற நலன்கள் வேறு. ஒருவருடையது பொறுப்பு, மற்றவருடையது உடைமை. எனவே பங்களிப்பு இல்லை என்றும், பொறுப்பாளியான கிடங்குக்காரரின் நிறுவனமே முழுதும் ஏற்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ‘ஒரே பொருள்’ என்று மட்டும் குறித்துக்கொண்டு ‘ஒரே நலன்’ என்பதை விட்டுவிட்ட சுருக்கம் இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

சப்ரோகேஷனுக்கு இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் படிப்பது நல்லது, ஏனென்றால் இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன. 1883-இல் தீர்ப்பான காஸ்டெலன் எதிர் பிரெஸ்டன் வழக்கில், ஒருவர் தன் வீட்டை 3,100 பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்திருந்தார். பத்திரம் முடிவதற்குள் வீட்டில் தீப்பிடித்தது. காப்பீட்டு நிறுவனம் 330 பவுன் தந்தது. அதன்பின் வாங்கியவரும் முழு விலையைக் கொடுத்துவிட்டார். விற்றவருக்குக் கடைசியில் நட்டமே இல்லை என்பதால் 330 பவுனை நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இங்கே கட்டுப்பட்டவர் காப்பீடு எடுத்தவர்.

1961-இல் தீர்ப்பான யார்க்‌ஷயர் இன்சூரன்ஸ் எதிர் நிஸ்பெட் ஷிப்பிங் வழக்கில் கட்டுப்பட்டது நிறுவனம். கனடா கடற்படைக் கப்பலோடு மோதி ஒரு கப்பல் முழுதாக அழிந்தது. நிறுவனம் 72,000 பவுன் தந்தது. பின்னர் கனடா அரசு டாலரில் இழப்பீடு கொடுத்தது. இடையில் 1949-இல் பவுனின் மதிப்பு குறைக்கப்பட்டிருந்ததால், அந்தத் தொகை ஏறக்குறைய 1,27,000 பவுனாகியிருந்தது. முழுத் தொகையும் தனக்கே என்று நிறுவனம் வாதாடியது. தான் கொடுத்த 72,000-க்கு மேல் அதற்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. இந்த எல்லை சப்ரோகேஷன் பற்றிய எந்தச் சுருக்கத்திலும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். ஈரோட்டுக் கடையில் தீ பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் பொறியால் பிடித்திருந்தால், பட்டறைக்காரர் மீதான உரிமை 1,03,000 ரூபாய் வரைதான் நிறுவனத்துக்கு.

கடைசியாக இந்தக் கோட்பாடு தொடாத இடங்கள். ஆயுள் காப்பீடும் தனிநபர் விபத்துக் காப்பீடும் இழப்பீட்டு ஒப்பந்தங்கள் அல்ல, உயிருக்கு அடக்க விலை போட முடியாது. மூன்று ஆயுள் பாலிசி வைத்திருந்த ஒருவர் லாரி மோதி இறந்தால், வாரிசுக்கு மூன்று பாலிசியிலும் முழுத் தொகை கிடைக்கும். நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் முடியாது, லாரிக்காரர் மீது சப்ரோகேஷன் கோரவும் முடியாது. மருத்துவக் காப்பீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். மனித உடலைப் பற்றியது என்பதால் அதையும் ஆயுள் காப்பீட்டோடு சேர்த்துவிடுவார்கள். ஆனால் மருத்துவமனைச் செலவைத் தரும் பாலிசி இழப்பீட்டு ஒப்பந்தம்தான். 80,000 ரூபாய் பில்லுக்கு இரண்டு பாலிசியிலும் சேர்த்து 80,000-க்கு மேல் வாங்க முடியாது. மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று குறித்த தொகை தரும் பாலிசியோ பில் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. செலவுக்கான பாலிசியில் 80,000 ரூபாயும் வாங்கியவர், இந்த நாள் தொகையையும் முழுதாகப் பெறலாம்.