கப்பிக் கிணற்றில் நீர் இறைத்தலும் எதிர் எடையும்

கப்பிக் கிணறு என்பது, கிணற்றின் வாய்க்கு மேலே பொருத்தப்பட்ட ஓர் உருளையின் மீது கயிற்றைச் செலுத்தி, வாளி அல்லது குடத்தால் நீர் எடுக்கும் கிணறு ஆகும். இந்த உருளை கப்பி, ராட்டினம், சகடை எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் இவ்வாறு நீர் எடுப்பதைச் 'சேந்துதல்' என்பர். வீட்டுத் தேவைக்கான கிணறு சேந்து கிணறு எனப்படும். வயலுக்கு நீர் பாய்ச்சும் பெரிய கிணற்றில் மாடு பூட்டி இறைப்பது 'கவலை இறைத்தல்' எனப்பட்டது. கையால் சேந்துவதிலும் கவலையிலும் எடை எவ்வாறு சமன் செய்யப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## கொங்கு நாட்டுக் கிணறுகளின் ஆழம்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. இங்கு மேல்மண்ணுக்குக் கீழே கடினமான பாறை இருப்பதால், சிதைந்த பாறை அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. அந்த நீரை எட்டக் கிணற்றை ஆழமாக வெட்ட வேண்டும். நீர்மட்டமும் ஒரே அளவில் நிற்பதில்லை. மழைக்குப் பின் உயர்ந்து, கோடையில் பல அடி இறங்கிவிடும். இந்த ஆழமும் ஏற்ற இறக்கமும்தான் எந்த இறைப்பு முறை இங்கு செல்லும், எது செல்லாது என்பதை முடிவு செய்தன.

## எதிர் எடை இல்லாத கப்பி

கிணற்றின் இரு பக்கமும் நிறுத்திய தூண்களின் மேல் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அதன் நடுவில் கப்பி தொங்கும். கயிற்றின் ஒரு முனையில் வாளியைக் கட்டி, மறுபக்கத்தைக் கையில் பிடித்து இறக்குவர். வாளி நீரைத் தொட்டதும் சில நேரம் கவிழாமல் மிதக்கும். அப்போது கயிற்றைச் சற்றுத் தூக்கித் தளர்த்தி ஒரு வெட்டு வெட்டினால், வாளி சாய்ந்து நீரை மொண்டுகொள்ளும்.

நிலையாகப் பொருத்திய ஒற்றைக் கப்பி சுமையைக் குறைப்பதில்லை. பத்து கிலோ எடையைத் தூக்கப் பத்து கிலோவுக்குச் சற்று அதிகமான விசையையே கயிற்றில் செலுத்த வேண்டும். கப்பி செய்வது விசையின் திசையை மாற்றுவதுதான். கப்பி இல்லையென்றால் கிணற்றுக்குள் குனிந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். முதுகு நோகும், கயிறும் கைப்பிடிச் சுவரில் உராய்ந்து தேயும். கப்பி இருந்தால் நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கலாம். இழுப்பவர் தம் உடல் எடையையும் கயிற்றில் சாய்க்க முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நீர்மட்டம் 12 மீட்டர் (சுமார் 40 அடி) ஆழத்தில் உள்ளது. வாளியின் எடை 1 கிலோ. அதில் 10 லிட்டர், அதாவது 10 கிலோ நீர் நிறைகிறது. கப்பியின் உராய்வால் சுமையில் 15 விழுக்காடு கூடுதலாகச் செலவாகிறது எனக் கொள்வோம். கயிற்றின் எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வாளியும் நீரும் சேர்ந்து 11 கிலோ. உராய்வுக்கு 1.65 கிலோ. ஆக, வாளி மேலே வரும் வரை 12.65 கிலோ எடைக்கு இணையான விசையில் இழுக்க வேண்டும். இறக்கும்போது ஏறக்குறைய எந்த உழைப்பும் இல்லை. வாளி தன் எடையாலேயே இறங்கும். கையால் அதைத் தடுத்து விட்டால் போதும்.

உராய்வின் அளவு கப்பியைப் பொறுத்தது. சக்கரம் பெரிதாகவும் அச்சு மெலிதாகவும் இருந்தால் உராய்வு குறையும். எண்ணெய் காணாத அச்சு கிறீச்சிடுவது, இழுப்பவரின் உழைப்பில் ஒரு பங்கு வீணாகிறது என்பதன் அடையாளம்.

## எதிர் எடையுடன் கூடிய கப்பி

கயிற்றின் மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டினால் அது வாளியின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கும். கல்லின் எடை எவ்வளவு இருக்க வேண்டும்? வாளியின் எடையோடு நீரின் எடையில் பாதியைச் சேர்த்தால் சரியான அளவு கிடைக்கும். மேலே கண்ட வாளிக்கு அது 1 + 5 = 6 கிலோ.

இப்போது நிறைந்த வாளியைத் தூக்க 11 − 6 = 5 கிலோ விசை போதும். உராய்வு 1.65 கிலோவைச் சேர்த்தால் 6.65 கிலோ. முன்பு தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி. ஆனால் வெற்று வாளி கல்லைவிட இலேசானது என்பதால் அது தானாக இறங்காது. வாளிப் பக்கக் கயிற்றைப் பிடித்துக் கீழே இழுத்து, கல்லை மேலே ஏற்ற வேண்டும். அதற்கு 6 − 1 = 5 கிலோவும் உராய்வுக்கு 0.9 கிலோவும் ஆக 5.9 கிலோ விசை தேவை.

ஏற்றும் விசையையும் இறக்கும் விசையையும் கூட்டினால் 12.55 கிலோ. கல் இல்லாதபோது வேண்டியிருந்தது 12.65 கிலோ. இரண்டிலும் தொலைவு அதே 12 மீட்டர் என்பதால் மொத்த உழைப்பு ஏறக்குறைய மாறவே இல்லை. எதிர் எடை உழைப்பைக் குறைப்பதில்லை, இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. இறக்கும்போது கல்லுக்குள் சேர்த்துவைத்த ஆற்றல் ஏற்றும்போது திரும்பக் கிடைக்கிறது. 12 கிலோவை இழுக்க வலுவில்லாத ஒருவர் 6 கிலோவை இருமுறை இழுத்து அதே நீரை எடுக்கலாம். பயன் இதுவே.

## இரட்டை வாளி

கல்லுக்குப் பதிலாக இன்னொரு வாளியைக் கட்டுவது மற்றொரு முறை. ஒன்று நிறைந்து மேலே வரும்போது மற்றொன்று வெறுமையாகக் கீழே போகும். இரு வாளிகளின் எடையும் ஒன்றையொன்று சமன் செய்வதால் நீரின் எடையை மட்டுமே தூக்க வேண்டும். வெற்று வாளியை இறக்கத் தனியாக நேரமும் செலவாகாது.

இங்கே கயிற்றின் எடையும் கணக்கில் வருகிறது. மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள நார்க்கயிறு 12 மீட்டருக்கு 1.8 கிலோ இருக்கும். இழுக்கத் தொடங்கும்போது கயிறு முழுவதும் நிறைந்த வாளியின் பக்கம் தொங்குவதால் சுமை 11.8 கிலோ. முடிவில் அது முழுவதும் வெற்று வாளியின் பக்கம் போய்விடுவதால் 8.2 கிலோ. தொடக்கத்தில் கூடியது முடிவில் கழிந்துவிடுகிறது. கிணறு 30 மீட்டர் ஆழமானால் கயிறே 4.5 கிலோ ஆகிவிடும், நனைந்தால் இன்னும் கூடும்.

இரட்டை வாளிக்கு இரண்டு தடைகள் உண்டு. கப்பியின் விட்டம் வாளியின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால், இரு வாளிகளும் நடுவழியில் மோதி நீர் சிந்தும். அடுத்தது கயிற்றின் நீளம். ஒரு வாளி கைக்கு வரும்போது மற்றது நீரைத் தொட வேண்டும். கோடையில் நீர்மட்டம் 3 மீட்டர் இறங்கினால் அதே அளவு கயிற்றைக் கூட்டியாக வேண்டும். ஒற்றை வாளியில் கையிலுள்ள மீதிக் கயிற்றை விட்டால் போதும். நீர்மட்டம் அடிக்கடி மாறும் கிணற்றுக்கு ஒற்றை வாளி ஒத்துப்போவதன் காரணம் இது.

## ஏற்றமும் அதன் எல்லையும்

எதிர் எடையை நன்கு பயன்படுத்தும் இறைப்பு முறை ஏற்றம். நீண்ட மரத்தின் ஒரு முனையில் கல்லோ மண்ணோ பாரமாக இருக்கும். சில இடங்களில் ஆட்கள் மரத்தின் மீதே முன்னும் பின்னும் நடப்பர். மறுமுனையிலிருந்து சால் தொங்கும். சாலைக் கயிற்றுக்குப் பதிலாக மூங்கில் கழியில் கட்டினால், அதை நீருக்குள் அழுத்தவும் முடியும். கயிற்றால் இழுக்க முடியுமே தவிரத் தள்ள முடியாது.

ஆனால் மரத்தின் முனை எவ்வளவு உயரம் ஏறி இறங்குமோ, அவ்வளவு ஆழத்திலிருந்து மட்டுமே ஏற்றத்தால் நீர் எடுக்கலாம். நீர் மேலாகக் கிடைக்கும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இதே அமைப்பு 'துலா' என்ற பெயரில் பரவலாக இருந்தது. கொங்கின் ஆழமான கிணறுகளுக்கு அது எட்டாது. கப்பிக்கு அந்த எல்லை இல்லை, கயிறு உள்ள வரை போகும்.

## கவலையில் மாட்டின் எடை

கவலையில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் சால், வடம் எனப்படும் தடித்த கயிற்றில் தொங்கும். வடம் மேலுள்ள கப்பியில் ஓடும். சாலின் அடியில் தும்பி எனப்படும் தோல்குழாய் இருக்கும். அதன் நுனியில் கட்டிய மெல்லிய வால்கயிறு, கிணற்று விளிம்பிலுள்ள ஓர் உருளையில் ஓடும். சால் மேலே வரும் வரை தும்பி மடிந்து நிமிர்ந்து நிற்பதால் நீர் வெளியேறாது. விளிம்பை எட்டியதும் வால்கயிறு தும்பியை உருளைக்கு மேலாக வெளியே இழுக்க, நீர் தொட்டியில் கொட்டிவிடும்.

மாடுகள் கிணற்றிலிருந்து விலகிச் சரிவான பாதையில் இறங்கி நடக்கும். அப்போது அவற்றின் உடல் எடையே எதிர் எடையாக வேலை செய்கிறது. ஒரு சோடி மாட்டின் எடை 600 கிலோ, பாதை ஆறு அடிக்கு ஓர் அடி இறங்குகிறது எனக் கொண்டால், அந்த எடையில் ஆறில் ஒரு பங்கான 100 கிலோ வடத்தை இழுக்க உதவும். சால், நீர், வடம் சேர்ந்து 150 கிலோ என்றால் மாடுகள் தம் தசை வலுவால் இழுக்க வேண்டியது மீதி 50 கிலோவும் உராய்வும்தான். ஓட்டுபவர் வடத்தின் மீது அமர்ந்து இறங்கி இன்னும் சிறிது எடையைச் சேர்ப்பார். வெற்றுச் சால் இறங்கும்போது மாடுகள் பின்னோக்கி மேடேற வேண்டும். கல் கட்டிய கப்பியில் கண்ட அதே கணக்கு இங்கும் நடக்கிறது: இறக்கும்போது கொடுத்ததை ஏற்றும்போது பெறுகின்றன.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோயம்புத்தூர்ப் பகுதியில் மின்சாரம் பரவியது. கிணறுகளில் மின்மோட்டார்கள் வந்தன, கவலை படிப்படியாக மறைந்தது.

## பழுதுகளும் ஆபத்துகளும்

கயிறு கப்பியின் பள்ளத்திலிருந்து விலகி, சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே சிக்குவது அடிக்கடி நேர்வது. கயிற்றைப் பக்கவாட்டில் சாய்த்து இழுப்பதும், அச்சு தேய்ந்து சக்கரம் ஆடுவதும் இதற்குக் காரணங்கள். நார்க்கயிறு வாளி கட்டிய முடிச்சின் அருகில்தான் முதலில் இற்றுப்போகும். எப்போதும் நனைவதும் ஒரே இடத்தில் மடிவதும் அந்தப் பகுதியே. அங்கு இழைகள் பிரிந்து தெரிந்தால், அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சிட வேண்டும். அறுந்து விழுந்த வாளியை எடுக்கப் பல கொக்கிகள் கொண்ட பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவுவர்.

எதிர் எடையுள்ள கப்பியில் வேறோர் ஆபத்தும் உண்டு. வெற்று வாளியை இறக்கும்போது கை நழுவினால் 6 கிலோ கல் கிணற்றுக்குள் பாய, வாளி மேல்நோக்கி வரும். 12 மீட்டர் தொலைவில் அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டக்கூடும். கல் இல்லாத கப்பியில் கை நழுவினால் வாளி கிணற்றுக்குள் விழும், மேலே நிற்பவரைத் தாக்காது. ஆகவே எதிர் எடை கட்டிய கிணற்றில், வாளி கப்பியை எட்டும் முன் நிற்கும்படி கயிற்றில் ஒரு பெரிய முடிச்சோ குறுக்குக் கட்டையோ அமைப்பது அவசியம். இறக்கும்போது கப்பிக்கு நேர் கீழே தலையை நீட்டாமல் விலகி நிற்பதும் அவசியம்.