எந்தக் கம்பி இழுக்கிறது?

தகரக் கூரை போட்ட இரும்புக் கொட்டகையின் பக்கச் சுவரில், இரண்டு தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல இரண்டு மெல்லிய கம்பிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றடிக்கும்போது அவற்றில் ஒன்றுதான் வேலை செய்கிறது.

தூண்களின் இடைவெளி 6 மீட்டர், உயரம் 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் 7.5 மீட்டர். இடப்பக்கத்திலிருந்து காற்று, தூண் உச்சியில் 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2 டன் விசையோடு தள்ளுகிறது. சட்டம் வலப்பக்கம் சாயும். இடது அடியிலிருந்து வலது உச்சிக்குப் போகும் கம்பி நீள முயல்கிறது, அதுதான் இழுக்கும். மற்றது குறுகித் தொய்ந்துவிடும். 16 மில்லிமீட்டர் கம்பியை இந்த நீளத்தில் நடுவில் பிடிப்பில்லாமல் அழுத்தினால், சுமார் 11 கிலோ எடைக்கே வளைந்துவிடும். அதனால் கணக்கில் அதைப் பூஜ்யமாகவே வைக்கிறார்கள்.

இழுக்கும் கம்பியின் கிடைக்கூறு மட்டுமே காற்றை எதிர்க்கிறது. ஆகவே அதன் விசை 20 × 7.5 ÷ 6 = 25 கிலோநியூட்டன். இரு கம்பிகளும் பாதி பாதி சுமக்கும் என்று 12.5 போட்டால், கம்பியும் அதன் போல்ட்டும் பாதி பலத்தில்தான் அமையும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே கம்பி இடது தூணின் அடித்தளத்தை 15 கிலோநியூட்டன் மேலே தூக்குகிறது. கூரையோ லேசானது. காற்று திசை மாறினால் இதே தூக்கல் வலது அடித்தளத்துக்கு வரும். இரண்டு அடித்தளங்களுக்கும் போதிய கான்கிரீட் எடை வேண்டும்.