வட்டி ஏறியது இரண்டரையா, அறுபத்திரண்டரையா?

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். இதை ‘2.5 சதவீத உயர்வு’ என்று எழுதினால் தவறு. 4 என்பது 2.5 சதவீதம் கூடினால் 4.1தான் வரும். கழித்துச் சொன்னால் 2.5 சதவீதப் புள்ளி. அதையே பழைய வட்டியால் வகுத்தால் 62.5 சதவீத உயர்வு. இரண்டும் சரிதான், மிரட்ட நினைப்பவர் பெரியதை எடுத்துக்கொள்வார். எதிலிருந்து எதற்கு ஏறியது என்று செய்தியில் தேடுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதற்காக வீட்டுக் கடன் தவணையும் 62.5 சதவீதம் எகிறாது. 20 லட்ச ரூபாய், 20 ஆண்டுக் கடன் என்று வையுங்கள். வட்டி 7 சதவீதத்திலிருந்து 9.5 ஆனால், மாதத் தவணை சுமார் 15,500 ரூபாயிலிருந்து 18,640 ஆகும். கூடுதல் ஏறக்குறைய 20 சதவீதம்.